ஒரே ஒரு நாள் தள்ளிப்போனா 20,800 ரூபாய்: 'ஒரு வருஷம்' எப்போ முடியுதுன்னு கணக்குப் போடுறது எப்படி?



"வாங்கி ஒரு வருஷம் ஆச்சு, இப்போ வித்தா லாங் டெர்ம் தானே?" சேனலுக்கு அடிக்கடி வர்ற கேள்விகள்ல இதுவும் ஒண்ணு. கேக்குறதுக்குச் சின்னக் கேள்வி மாதிரிதான் இருக்கு. ஆனா "ஒரு வருஷம்"னா என்ன? 365 நாளா? 12 மாசமா? வாங்கின நாளையும் சேர்த்து எண்ணணுமா? பதிலைப் பொறுத்து ஒரு நாள் முன்ன பின்ன மாறும். அந்த ஒரு நாளுக்காக கோர்ட் வரைக்கும் போனவங்க இருக்காங்க, ஜெயிச்சவங்களும் இருக்காங்க.

வீடியோல ஃபார்முலாவை எல்லாம் நிதானமா காட்ட முடியாது. அதனால இதை எழுத்துலயே பார்த்துடலாம்.

சென்னையில நடந்த ஒரு நாள் வழக்கு

பி. அய்யம்பெருமாள் சென்னையில சுங்கம், கலால் துறையில கூடுதல் தலைமை இயக்குநரா இருந்தவர். 2013 ஜூன் 30 அன்னிக்கு ஓய்வு பெற்றார். மத்திய அரசு ஊழியர்களுக்கு ஆறாவது ஊதியக் குழுவுக்கு அப்புறம் வருடாந்திர இன்கிரிமென்ட் தேதி அப்போ எல்லாருக்கும் ஒரே நாளா, ஜூலை 1-ஆ இருந்தது.

இப்போ சிக்கல் புரியுதா? 2012 ஜூலை 1-ல இருந்து 2013 ஜூன் 30 வரைக்கும் அவர் முழுசா ஒரு வருஷம் வேலை பார்த்துட்டார். அந்த வருஷத்துக்கான இன்கிரிமென்ட் கைக்கு வர்ற நாள் ஜூலை 1. ஆனா ஜூலை 1 அன்னிக்கு அவர் பணியில இல்லை. அதனால இன்கிரிமென்ட் கிடையாதுன்னு துறை சொல்லிடுச்சு.

சென்னை உயர் நீதிமன்றம் 2017 செப்டம்பர்ல அவருக்குச் சாதகமா தீர்ப்பு சொன்னது. ஒரு வருஷ வேலை ஜூன் 30 அன்னிக்கே முடிஞ்சுடுச்சு, அதனால பென்ஷன் கணக்குக்காக மட்டும் அந்த இன்கிரிமென்ட்டைச் சேர்த்துக்கணும்னு உத்தரவு. இதே மாதிரி ஒரு கர்நாடக மின்துறை வழக்குல, 2023 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றமும் இதே பக்கம்தான் நின்னுச்சு.

இங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. ஷீட்ல 30-06-2013-ல இருந்து 01-07-2012-ஐக் கழிச்சுப் பாருங்க, 364-னு வரும். அதைப் பார்த்தா "இன்னும் ஒரு நாள் பாக்கி"ன்னு தோணும். ஆனா அவர் வேலை பார்த்தது 365 நாள். எப்படி?

திருவான்மியூர், கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை. ஈசிஆர்ல வரிசையா நாலு ஊர். ஆனா திருவான்மியூர்ல ஏறி நீலாங்கரையில இறங்கினா, ஊருக்கும் ஊருக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி மூணுதான். ஷீட்ல ஒரு தேதியில இருந்து இன்னொரு தேதியைக் கழிக்கிறப்போ நமக்குக் கிடைக்கிறது இடைவெளி. வேலை பார்த்த நாள், தங்கின நாள், லீவு எடுத்த நாள் இதெல்லாம் ஊரை எண்ணுற மாதிரி, முதல் நாளும் சேரும், கடைசி நாளும் சேரும். அதனால கழிச்சதோட ஒண்ணு கூட்டணும்.

```
=B2-A2+1
```

நோட்டீஸ் பீரியட், லீவு நாள், புரொபேஷன் மாதிரி ரெண்டு பக்க நாளையும் நாம "இருந்த" கணக்குகளுக்கு இதுதான் சரி.

பிறந்தநாளுக்கு முந்தின நாளே வயசு நிறைஞ்சுடும்

அய்யம்பெருமாள் வழக்குல பார்த்த அதே விஷயம் வயசுக் கணக்குலயும் இருக்கு. 1986-ல உச்ச நீதிமன்றத்துக்கு வந்த பிரபு தயாள் செஸ்மா வழக்கு இதுக்கு நல்ல உதாரணம். ராஜஸ்தான் மாநிலப் பணித் தேர்வுக்கு ஒரு விதி: குறிப்பிட்ட ஜனவரி 1 அன்னிக்கு 28 வயசு நிறைஞ்சிருக்கக் கூடாது. இவருக்கு அந்தத் தேதி 1984 ஜனவரி 1. இவர் பிறந்தது 1956 ஜனவரி 2.

சாதாரணமா நாம என்ன சொல்லுவோம்? "28-ஆவது பிறந்தநாள் நாளைக்குத்தான், இன்னிக்கு 27 தான்"னு சொல்லுவோம். நீதிமன்றம் அப்படிச் சொல்லலை. பிறந்த நாளையே ஒரு முழு நாளா எண்ணணும், அப்படி எண்ணினா பிறந்தநாளுக்கு முந்தின நாளே வயசு நிறைஞ்சுடும்னு சொல்லிடுச்சு. அதாவது ஜனவரி 1 அன்னிக்கே அவருக்கு 28 ஆயிடுச்சு. ஒரு நாள்ல தகுதி போச்சு.

"இது எனக்கு எதுக்கு?"ன்னு கேட்டா, உங்க அப்பா அம்மா பிறந்த தேதியைப் பாருங்க. அந்தக் காலத்துல பள்ளிக்கூடத்துல சேர்க்கிறப்போ வசதிக்கு ஒரு தேதியைப் போட்டுடுவாங்க, அதனால மாசத்தோட 1-ஆம் தேதி பிறந்த பெரியவங்க நிறைய பேர் இருப்பாங்க. ஏப்ரல் 1-னு இருந்தா கவனமா படிங்க.

வருமான வரியில சீனியர் சிட்டிசன் ஆகணும்னா அந்த நிதியாண்டுல ஏதாவது ஒரு நாள்ல 60 வயசு நிறைஞ்சிருக்கணும். நிதியாண்டு முடியுறது மார்ச் 31. ஏப்ரல் 1-ல பிறந்தவருக்கு 60 நிறையுறது ஏப்ரல் 1-னா, அது அடுத்த நிதியாண்டுக்குப் போயிடும். மார்ச் 31-னா இந்த நிதியாண்டுலயே சலுகை. மத்திய நேரடி வரிகள் வாரியம் 2016 ஜூலையில ஒரு சுற்றறிக்கையில இதைத் தெளிவா சொல்லிடுச்சு: ஏப்ரல் 1-ல பிறந்தவர் முந்தின நாளான மார்ச் 31 அன்னிக்கே அந்த வயசை அடைஞ்சதா எடுத்துக்கணும்.

ஆக, அப்பா பிறந்தது 1966 ஏப்ரல் 1-னு வைங்க. 2026 மார்ச் 31 அன்னிக்கு அவருக்கு 60. அதனால 2025-26 நிதியாண்டுக்கே அவர் சீனியர் சிட்டிசன். பழைய வரி முறையில இருந்தார்னா அடிப்படை விலக்கு 2.5 லட்சத்துக்குப் பதிலா 3 லட்சம். பேங்க் வட்டிக்கான கழிவு, 80TTA-ல சேமிப்புக் கணக்கு வட்டிக்கு மட்டும் 10,000 ரூபாயா இருந்தது, 80TTB-ல எஃப்டி வட்டியும் சேர்த்து 50,000 வரைக்கும் போகும். "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்"னு விட்டா ஒரு வருஷச் சலுகை போயிடும்.

அரசு வேலையில இருக்கிறவங்க ஓய்வு நாள்லயும் இதே கணக்குதான். மத்திய அரசு விதிப்படி 60 நிறையுற மாசத்தோட கடைசி நாள் ஓய்வு. ஆனா மாசம் 1-ஆம் தேதி பிறந்தவருக்கு முந்தின மாசத்தோட கடைசி நாளே ஓய்வு. ஜூலை 1-ல பிறந்தவர் ஜூன் 30-ல வீட்டுக்குப் போவார், ஜூலை 2-ல பிறந்தவர் ஜூலை 31 வரைக்கும் சம்பளம் வாங்குவார். ஒரு நாள் வித்தியாசத்துக்கு ஒரு மாசச் சம்பளம்.

365-ஆல வகுக்காதீங்க

இதுவரைக்கும் பார்த்தது மனுஷங்க போட்ட விதி. இப்போ ஷீட் பண்ற குளறுபடிக்கு வருவோம்.

நம்ம பாலவாக்கத்துல இருந்து கொஞ்ச தூரத்துல, திருவான்மியூர்ல இருக்கிற கலாக்ஷேத்ராவை ஆரம்பிச்ச ருக்மிணி தேவி அருண்டேல் பிறந்தது 1904 பிப்ரவரி 29. காலமானது 1986 பிப்ரவரி 24. எத்தனை வயசு? 82-ஆவது பிறந்தநாளுக்கு இன்னும் சில நாள் இருந்தது. அதனால நிறைஞ்ச வயசு 81.

இப்போ பல பேர் ஷீட்ல போடுற மாதிரி நாளைக் கழிச்சு 365-ஆல வகுத்துப் பாருங்க. ரெண்டு தேதிக்கும் நடுவுல 29,946 நாள். 365-ஆல வகுத்தா 82.04. ஷீட் 82-னு காட்டிடும். நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற அந்த எக்ஸ்ட்ரா நாள் 82 வருஷத்துல சேர்ந்து சேர்ந்து வயசையே முன்னாடி தள்ளிடுச்சு.

"சரி, 365.25-ஆல வகுத்தா போச்சு"ன்னு சில பேர் சொல்லுவாங்க. அது ருக்மிணி தேவி கணக்குக்குச் சரியா வரும், உங்க கணக்குக்குத் தப்பா வரும். 2000 மார்ச் 1-ல பிறந்த ஒருத்தருக்கு 2025 மார்ச் 1 அன்னிக்கு 25-ஆவது பிறந்தநாள். நடுவுல இருக்கிறது 9,131 நாள். 365.25-ஆல வகுத்தா 24.9993. முழு எண்ணா எடுத்தா 24. கேக் வெட்டுற அன்னிக்கே ஷீட் ஒரு வயசைக் குறைச்சுடுது!

வருஷத்தை நாளா மாத்தி, நாளைத் திரும்ப வருஷமா மாத்துறதுதான் பிரச்சினையே. வருஷத்தை வருஷமாவே எண்ணணும். எக்செல்லயும் கூகுள் ஷீட்ஸ்லயும் அதுக்கு DATEDIF இருக்கு.

```
=DATEDIF(A2,B2,"Y")
```

A2-ல பிறந்த தேதி, B2-ல கணக்குப் பார்க்கிற தேதி. இது நாம பேச்சு வழக்குல சொல்ற வயசைக் கொடுக்கும், அதாவது பிறந்தநாள் அன்னிக்குத்தான் ஒண்ணு கூடும். மேல பார்த்த வரி விதிப்படி "முந்தின நாளே நிறையுது"ன்னு வேணும்னா B2-க்குப் பதிலா B2+1 போடுங்க.

ஒரு எச்சரிக்கை. இதே DATEDIF-ல "MD"-ன்னு ஒரு வகை இருக்கு, மாசம் போக மீதி எத்தனை நாள்னு சொல்லுறதுக்கு. மாசக் கடைசித் தேதிகள்ல அது மைனஸ் நம்பரோ தப்பான நம்பரோ கொடுக்கலாம்னு மைக்ரோசாஃப்டே தன்னோட உதவிப் பக்கத்துல எச்சரிச்சிருக்கு. அதைத் தொடாதீங்க.

இப்போ பணத்துக்கு வருவோம்: 12 பிப்ரவரி 2024

லிஸ்ட் ஆன ஷேருக்கும் ஈக்விட்டி ஃபண்டுக்கும் வரிச் சட்டம் சொல்ற கணக்கு 12 மாசம். 12 மாசத்துக்கு மேல போகாம வெச்சிருந்து வித்தா ஷார்ட் டெர்ம். இந்த வாக்கியத்தை இன்னொரு தடவை படிங்க. 12 மாசம் முடிஞ்சா மட்டும் போதாது, 12 மாசத்தைத் தாண்டணும். அதுவும் மாசக் கணக்கு, 365 நாள் கணக்கு இல்லை.

நீங்க 2024 பிப்ரவரி 12, திங்கக்கிழமை ஒரு ஷேர் வாங்குனீங்க. அடுத்த வருஷம் பிப்ரவரியில அதுல 1 லட்சம் லாபம். என்னிக்கு விக்கலாம்?

மொபைல்ல "365 நாள் கழிச்சு"ன்னு ரிமைண்டர் போட்டிருந்தா அது 2025 பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை அடிக்கும். ஏன்னா நடுவுல 2024 பிப்ரவரி 29 வந்துடுச்சு, அந்த வருஷத்துக்கு 366 நாள். அன்னிக்கு வித்தா, வாங்கின நாளையும் வித்த நாளையும் சேர்த்து எண்ணினாலும் சரியா 12 மாசம்தான். தாண்டலை. ஷார்ட் டெர்ம்.

பிப்ரவரி 12, புதன்கிழமை? அதே தேதி வந்துடுச்சு, 366 நாள் ஆச்சு. 365-க்கு மேலன்னு பார்க்கிற கால்குலேட்டர் இதை லாங் டெர்ம்னு காட்டும். ஆனா சட்டத்தோட வார்த்தைப்படி, விக்கிற நாளுக்கு முந்தின 12 மாசம்னா 2024 பிப்ரவரி 12-ல இருந்து 2025 பிப்ரவரி 11 வரைக்கும். நீங்க வெச்சிருந்தது சரியா அவ்வளவுதான், அதைத் தாண்டலை. வாதாடலாம், ஆனா வாதாடுற இடத்துல நாம ஏன் நிக்கணும்?

பிப்ரவரி 13, வியாழக்கிழமை வித்தா எந்தப் பக்கம் எண்ணினாலும் 12 மாசத்தைத் தாண்டிடுச்சு. பிரச்சினையே இல்லை.

பண வித்தியாசம் எவ்வளவு? 2024 ஜூலை 23-ல இருந்து வித்த ஷேருக்கு ஷார்ட் டெர்ம் வரி 20%. 1 லட்சம் லாபத்துக்கு 20,000, அதுக்கு மேல 4% செஸ் சேர்த்தா 20,800 ரூபாய். லாங் டெர்ம்னா ஒரு நிதியாண்டுல முதல் 1.25 லட்சம் லாபத்துக்கு வரியே இல்லை. அந்த வருஷம் வேற லாங் டெர்ம் லாபம் இல்லேன்னா, இதே 1 லட்சத்துக்குக் கட்ட வேண்டியது பூஜ்ஜியம். சம்பளத்துக்கே வரி கட்டுற ஒருத்தருக்கு ரெண்டு நாள் பொறுத்ததோட விலை 20,800.

இதை ஷீட்ல ஒரே வரியில வெச்சுக்கலாம். A2-ல வாங்கின தேதி:

```
=EDATE(A2,12)+1
```

EDATE மாசத்தை மாசமாவே கூட்டும், லீப் வருஷம் பத்திக் கவலைப்பட வேண்டாம். மேல இருக்கிற உதாரணத்துக்கு 13-02-2025-னு சரியா வரும். பிப்ரவரி 29 அன்னிக்கு வாங்கியிருந்தாலும் இது தாங்கும்: 2025-ல பிப்ரவரி 29 இல்லாததால EDATE பிப்ரவரி 28-ல நிக்கும், ஒண்ணு கூட்டினா மார்ச் 1. 2025-ல அது சனிக்கிழமை, அதனால மார்ச் 3 திங்கக்கிழமை விக்கணும்.

வாங்கின தேதின்னு எதைப் போடணும்? ஷேருக்கு காண்ட்ராக்ட் நோட்ல இருக்கிற டிரேட் தேதி. டீமேட்ல ஷேர் வந்து சேர்ற தேதி அடுத்த நாள், அதைப் போட வேண்டாம். ஃபண்டுக்கு யூனிட் ஒதுக்கின தேதி, பணம் அனுப்பின தேதி இல்லை. எஸ்ஐபின்னா ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனித் தேதி. முதல் தவணைக்கு வருஷம் ஆயிடுச்சுங்கிறதுக்காக மொத்தத்தையும் எடுத்தா, பின்னாடி போட்ட தவணைகள் ஷார்ட் டெர்ம்லதான் போகும்.

இன்னொண்ணு, எக்ஸிட் லோடு வேற, வரி வேற. எக்ஸிட் லோடு ஃபண்டோட திட்ட ஆவணத்துல எழுதியிருக்கிறபடி. சில திட்டத்துல "365 நாள்"னு இருக்கும், சிலதுல "1 வருஷம்"னு இருக்கும். லீப் வருஷத்துல இந்த ரெண்டும் ஒரே நாள் இல்லை. எக்ஸிட் லோடு முடிஞ்சுடுச்சுன்னு ஆப் காட்டினதை வெச்சு வரிக்கும் முடிஞ்சதா நினைச்சுடாதீங்க.

31-ஆம் தேதி ஆரம்பிச்சா

கடைசியா ஒரு மாசக் கடைசிப் பிரச்சினை. 2026 ஜனவரி 31-ல மூணு மாச எஃப்டி போடுறீங்க. ஷீட்ல அடுத்தடுத்த மாசத் தேதி வரட்டும்னு, மேல இருக்கிற செல்லோட ஒரு மாசம் கூட்டி இழுத்து விடுறீங்க. ஜனவரி 31, பிப்ரவரி 28, மார்ச் 28, ஏப்ரல் 28. பார்த்தீங்களா? பிப்ரவரியில குறைஞ்ச தேதி திரும்ப மேல ஏறவே இல்லை. ஆனா ஜனவரி 31-ல இருந்து நேரா மூணு மாசம் கூட்டினா ஏப்ரல் 30. ஷீட்டை நம்பி 28-ஆம் தேதி பணத்தை எடுத்தா, முதிர்வுக்கு முன்னாடி உடைச்சதா வட்டியைக் குறைச்சுடுவாங்க.

அதனால எப்பவும் முதல் தேதியில இருந்தே கூட்டணும், மேல் செல்லுல இருந்து இல்லை. முதல் தேதி A2-ல இருந்தா, A3-ல இதைப் போட்டு கீழ இழுங்க:

```
=EDATE($A$2,ROW()-2)
```

ஜனவரி 31, பிப்ரவரி 28, மார்ச் 31, ஏப்ரல் 30-னு ஒழுங்கா வரும். ஆனாலும் எஃப்டி ரசீதுல அச்சடிச்சிருக்கிற முதிர்வு தேதிதான் கடைசி வார்த்தை. ரெண்டும் ஒத்துப்போகலேன்னா ரசீதைத்தான் நம்பணும்.

அடுத்த பிப்ரவரி 29 வர்றது 2028-ல. 2027 மார்ச் 1-ல இருந்து 2028 பிப்ரவரி 28 வரைக்கும் வாங்குற ஒவ்வொரு ஷேருக்கும், எஸ்ஐபி தவணைக்கும் வருஷம் 366 நாள். 365 நாள்னு வெச்ச ரிமைண்டர் எல்லாமே அப்போ ஒரு நாள் முன்னாடி அடிக்கும். உங்க ஷீட்ல 365-னு எங்கெல்லாம் இருக்குன்னு இப்பவே தேடிப் பார்த்து, EDATE-ஆ மாத்தி வெச்சுடுங்க.